வீட்டுக்கடன் வட்டிக்கு வரிச்சலுகை: வைத்திருப்பதா, வரம்பு போடுவதா, மாற்றுவதா, நீக்குவதா?

வீட்டுக்கடனுக்குக் கட்டும் வட்டியை வருமானத்திலிருந்து கழித்துக் காட்டலாம் என்று சட்டம் சொன்னால், அதை வீடு வாங்குபவருக்குக் கிடைக்கும் உதவி என்றுதான் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் வீட்டுச் சந்தையை ஆராய்பவர்கள் பல காலமாக வேறொன்றைச் சொல்லி வருகிறார்கள்: சலுகையின் பெரும்பங்கு வீட்டு விலைக்குள் போய்விடுகிறது, பணம் கடைசியில் விற்பவர் கைக்குப் போகிறது. இதைக் கேட்ட வாசகர்கள் நியாயமான குழப்பத்தில் இருக்கிறார்கள். சலுகை தொடர்ந்தால் விலை இறங்காது. நீக்கினால் ஏற்கெனவே கடன் வாங்கியவர் மாட்டிக்கொள்வார். எதை ஆதரிப்பது?

நடைமுறையில் நான்கு வழிகள் உண்டு. இப்படியே விடலாம். கடன் தொகைக்கு வரம்பு போடலாம். வருமானத்திலிருந்து கழிப்பதை விட்டுவிட்டு எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் வரியில் தள்ளுபடி தரலாம். படிப்படியாக நீக்கலாம். நான்குமே ஏதாவது ஒரு நாட்டில் நடந்திருக்கின்றன, அல்லது முறையாகப் பரிந்துரைக்கப்பட்டிருக்கின்றன.

## எதை வைத்து எடைபோடுவது?

நான்கு அளவுகோல்கள் போதும். முதலாவது, சலுகையில் எவ்வளவு வீட்டு விலைக்குள் போகிறது. இரண்டாவது, மிச்சம் யாருக்குப் போகிறது, அதாவது எந்த வருமானக்காரருக்கு. மூன்றாவது, ஏற்கெனவே கடன் வாங்கியவர் என்ன ஆவார். நான்காவது, அதிகக் கடன் வாங்கும்படி சட்டமே ஆளைத் தூண்டுகிறதா. முதல் அளவுகோல்தான் அடித்தளம் என்பதால், அதை மட்டும் ஒரு கணக்கோடு விரிவாகப் பார்ப்போம்.

## விலைக்குள் போவது எப்படி: ஒரு வீடு, மூன்று பேர்

எந்த நாட்டுப் பணமாகவும் வைத்துக்கொள்ளலாம். வீட்டின் விலை 4,00,000. வாங்குபவர் 80,000 முன்பணம் கட்டி, 3,20,000-ஐ 6 சதவீத வட்டியில் 30 ஆண்டுக் கடனாக வாங்குகிறார். மாதத் தவணை சுமார் 1,919. முதல் ஆண்டில் கட்டும் 23,023-இல் வட்டி மட்டும் 19,093. அசல் குறையக் குறைய வட்டியும் குறைந்து, பத்தாம் ஆண்டில் 16,289-க்கு வரும். பத்து ஆண்டுக்குச் சேர்த்து வட்டி ஏறக்குறைய 1,78,000.

இவர் 25 சதவீத வரி அடுக்கில் இருந்தால், முதல் ஆண்டில் அவருக்கு மிச்சமாகும் வரி 4,773. பத்து ஆண்டுகளில் மொத்தம் 44,500. வருங்காலத்தில் வரும் பணத்தை அதே 6 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் சுமார் 33,000. வீட்டு விலையில் இது 8 சதவீதத்துக்குச் சற்று மேல்.

இப்போது அதே வீட்டைச் சலுகையே இல்லாத நிலையில் நினைத்துப் பாருங்கள். போட்டிபோடும் எல்லோரும் 25 சதவீத அடுக்கினர், அந்தப் பகுதியில் புதிதாகக் கட்ட மனையும் இல்லை. 3,67,000-க்கு விலை படிந்த வீட்டுக்கு, சலுகை வந்த பிறகு ஒருவர் 33,000 கூட்டிக் கேட்டாலும் அவருக்கு நட்டமில்லை. கூட்டிக் கேட்காதவருக்கு வீடு கிடைக்காது. ஆகவே எல்லோரும் கூட்டிக் கேட்பார்கள், விலை 4,00,000-இல் வந்து நிற்கும். வரித்துறை பத்து ஆண்டுகளில் வாங்குபவருக்குக் கொடுக்கப்போவதை, வாங்குபவர் முதல் நாளே விற்பவரிடம் கொடுத்துவிட்டார்.

இதில் பலர் கவனிக்காத இன்னொரு பாதிப்பு முன்பணத்தில் இருக்கிறது. விலை 33,000 ஏறினால் 20 சதவீத முன்பணமும் 6,600 ஏறும். சலுகை வட்டிக்குத்தான். முன்பணத்துக்கு ஒரு காசும் வராது. முதல் வீடு வாங்கத் துடிக்கும் இளம் குடும்பத்துக்குப் பெரும்பாலும் தடையாக நிற்பது மாதத் தவணை அல்ல, இந்த முன்பணம்தான். உதவி என்று பெயர் வைத்த சட்டம் அந்தத் தடையை உயர்த்திவிடுகிறது.

அடுத்து, வரி அடுக்கு வேறுபாடு. அதே வீட்டுக்கு 10 சதவீத அடுக்கில் இருப்பவர் போட்டியிட்டால், அவருக்குச் சலுகையின் இன்றைய மதிப்பு 13,200 மட்டுமே. ஏறிய விலையோ 33,000. சலுகை இருப்பதாலேயே அவருக்கு 19,800 நட்டம். 37 சதவீத அடுக்கினருக்குச் சலுகை 48,900 மதிப்புடையது, அவர் 15,900 லாபத்தில் நிற்கிறார். மூவரும் ஒரே வீட்டை ஒரே விலைக்குப் பார்க்கிறார்கள். சம்பளம் குறைந்தவரின் போட்டியாளருக்கு அரசு தன் வரிப்பணத்தைக் கொடுத்து அனுப்புகிறது.

‘பத்து ஆண்டு கழித்து நான் விற்கும்போது அடுத்தவரும் அதேபோல் கூட்டித் தருவாரே’ என்று கேட்கலாம். சரியான கேள்வி. சலுகை நீடித்தால் தருவார். அந்த நம்பிக்கை இருந்தால் ஆரம்பத்திலேயே 33,000-க்கு மேலேயும் ஏற்றிக் கேட்பார்கள். இதிலிருந்து வரும் முடிவு முக்கியமானது: உண்மையான ஆதாயம், சலுகை அறிமுகமான நாளில், அல்லது உயர்த்தப்பட்ட நாளில், வீட்டைக் கையில் வைத்திருந்தவருக்குப் போனது. அவருக்குப் பின் வந்தவர்கள் எல்லோரும் அதற்கான விலையைக் கொடுத்துத்தான் உள்ளே வந்தார்கள். சலுகை நீங்கும் நாளில் வீட்டை வைத்திருப்பவர், தான் பெறாத லாபத்துக்குத் தான் நட்டப்படுவார். எந்தச் சீர்திருத்தமும் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

முழுத் தொகையும் எப்போதும் விலைக்குள் போய்விடும் என்று சொல்வது தவறு. புதிய வீடுகளை எளிதாகக் கட்டக்கூடிய ஊரில் விலை கட்டுமானச் செலவை விட்டு வெகுதூரம் போகாது. விலை ஏறினால் கட்டுபவர்கள் இன்னும் பத்து வீடு கட்டி விற்பார்கள். அங்கே சலுகை பெரிய வீடாக மாறும். மனைத் தட்டுப்பாடும் கடுமையான கட்டட விதிகளும் உள்ள ஊரில்தான் அது விலையாக மாறும். அமெரிக்க நகரங்களை ஒப்பிட்டு கிறிஸ்டியன் ஹில்பரும் ட்ரேசி டர்னரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் கண்டது: கட்டட விதிகள் தளர்வான இடங்களில் வசதியுள்ளவர்களுக்கு மட்டும் சொந்த வீடு சற்று எளிதானது. விதிகள் இறுக்கமான இடங்களில் சொந்த வீடு வாங்குவதற்கே சலுகை தடையாக இருந்தது.

உங்கள் பகுதி எந்த வகை என்று அறிய, ஒரு வீட்டின் விலையில் மனையின் பங்கைப் பாருங்கள். அதே அளவு வீட்டைக் கட்ட ஆகும் செலவை விற்பனை விலையிலிருந்து கழித்தால் மிஞ்சுவது மனையின் விலை. அது விலையில் பாதிக்கு மேல் இருந்தால், வாங்குபவருக்குத் தரப்படும் எந்தச் சலுகையும் பெரும்பாலும் மனைக்காரரிடம் போய்ச் சேரும்.

## வழி 1: இப்படியே விடுவது

இதற்கான சிறந்த உதாரணம் அமெரிக்கா. 1913இல் வருமான வரி வந்தபோது எல்லா வகைக் கடன் வட்டியையும் கழிக்க இடம் இருந்தது. அது வீட்டுக்காகச் செய்த ஏற்பாடு அல்ல. 1986 வரிச் சீர்திருத்தத்தில் கார்க்கடன், கடன் அட்டை போன்ற தனிப்பட்ட கடன்களின் வட்டிக் கழிவு நீக்கப்பட்டது, வீட்டுக்கடனுக்கு மட்டும் தங்கியது. விளைவு உடனே தெரிந்தது: வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கி மற்ற கடன்களை அடைப்பது லாபமான வழியாயிற்று.

இப்படியே விடுவதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இரண்டு உண்மையிலேயே கனமானவை. ஒன்று, மேலே சொன்னபடி, இன்றைய வீட்டுக்காரர் சலுகைக்கான விலையைக் கொடுத்தே வாங்கியிருக்கிறார். அவரிடமிருந்து திடீரென்று பறிப்பது அநியாயம். மற்றொன்று கொள்கை சார்ந்தது. சொந்த வீட்டில் குடியிருப்பவர் தனக்குத் தானே வாடகை மிச்சப்படுத்துகிறார். அந்த மிச்சத்தை வருமானமாகக் கருதி வரி போடும் நாட்டில், அந்த வருமானத்தை ஈட்ட ஆன வட்டியைக் கழிப்பது முறைதான். நெதர்லாந்தில் இன்றும் வீட்டு மதிப்பில் ஒரு சிறு பங்கை வருமானத்தோடு சேர்க்கிறார்கள். பிரிட்டன் அந்த வரியை 1963இல் நீக்கிவிட்டு வட்டிச் சலுகையை மட்டும் வைத்துக்கொண்டது. வரவுக்கு வரி இல்லை, செலவுக்குக் கழிவு உண்டு என்ற நிலையில் கொள்கைக் காரணம் நிற்காது.

மறைந்திருக்கும் செலவு கடன்தான். கையில் பணம் இருந்தும் முன்பணத்தைக் குறைத்து, கடனைக் கூட்டி, வட்டியைக் கழிக்கலாம் என்ற ஆசை வருகிறது. சொந்த வீட்டுக்காரர் எண்ணிக்கை இதனால் கூடுகிறதா என்றால், சான்று எதிராகத்தான் இருக்கிறது. 1980களின் பிற்பாதியில் டென்மார்க் உயர் வருமானக்காரர்களின் வட்டிக் கழிவின் மதிப்பை 73 சதவீத அளவிலிருந்து ஏறக்குறைய 50 சதவீதத்துக்குக் குறைத்தது. அதை ஆராய்ந்தபோது, சொந்த வீடு வைத்திருப்பவர் விகிதம் அசையவில்லை. வாங்கிய வீட்டின் அளவும் விலையும் கடனும்தான் மாறின. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியிருக்கும் வீட்டின் கடனுக்கு வட்டிக் கழிவே கிடையாது. ஆனால் அங்கும் அமெரிக்காவைப் போலவே ஏறத்தாழ மூன்றில் இரண்டு குடும்பங்கள் சொந்த வீட்டில் இருக்கின்றன.

இந்த வழி எப்போது சரி? வீட்டு விலை ஏற்கெனவே சரிந்துகொண்டிருக்கும் நேரத்திலும், வட்டி விகிதம் வேகமாக ஏறும் நேரத்திலும் கை வைக்காமல் விடுவதே நல்லது. அது தள்ளிப்போடுவதற்கான காரணம் மட்டுமே.

## வழி 2: கடன் தொகைக்கு வரம்பு

வரம்பின் பெரிய அழகு, யாரிடமிருந்தும் இன்று எதையும் பறிக்காமல் வேலை செய்வது. பிரிட்டன் 1983இல் சலுகைக்குரிய கடனை 30,000 பவுண்டாக நிர்ணயித்தது. அதன்பின் அதை உயர்த்தவே இல்லை. விலைவாசியும் வீட்டு விலையும் ஏற ஏற, 30,000 என்பது கடனின் சிறு பகுதியாகிவிட்டது. விலைவாசியோடு வரம்பை இணைக்காமல் விட்டதே ஒரு மெதுவான நீக்கமாக அமைந்தது.

வரம்பை எழுதும் விதத்தில் தவறு நேர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் பிரிட்டனே காட்டியது. தொடக்கத்தில் 30,000 என்பது ஆளுக்கு இவ்வளவு என்று இருந்தது. மணமான தம்பதிக்குச் சேர்த்து ஒன்றுதான். மணமாகாத இருவர் சேர்ந்து வாங்கினால் இருவருக்கும் தனித்தனியாக, ஆக 60,000. இந்த முரணைச் சரிசெய்ய, வீட்டுக்கு ஒரே வரம்பு என்று 1988 மார்ச் வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். நோக்கம் சரி. ஆனால் நடைமுறைக்கு வருவது ஆகஸ்ட் 1 என்று சொல்லிவிட்டார்கள். இடையில் நான்கு மாதத்துக்கு மேல் அவகாசம். சேர்ந்து வாங்க நினைத்தவர்கள் எல்லோரும் அந்தக் கெடுவுக்குள் வாங்க ஓடினார்கள். ஏற்கெனவே சூடாக இருந்த சந்தை இன்னும் கொதித்தது. அதே 1988 மே மாதம் 7.5 சதவீதமாக இருந்த அடிப்படை வட்டி 1989 அக்டோபரில் 15 சதவீதமானது. கடைசி நேரத்தில் உச்ச விலைக்கு வாங்கியவர்கள், விலை விழத் தொடங்கியபோது வீட்டு மதிப்பைவிடப் பெரிய கடனோடு நின்றார்கள். அவர்கள் துரத்திப்பிடித்த சலுகையைக் கெடுவுக்கு முன்பே விற்பவர்கள் விலையில் சேர்த்து வாங்கிவிட்டார்கள். வரம்பை அறிவிக்கும் நாளே அது அமலுக்கு வரும் நாளாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டாம்.

அமெரிக்கா 1987இல் 10 லட்சம் டாலர் வரம்பு வைத்தது. 2017 டிசம்பர் 15-க்குப் பின் வாங்கிய கடன்களுக்கு அது 7,50,000 டாலராகக் குறைந்தது. பழைய கடன்களுக்குப் பழைய வரம்பு தொடர்கிறது. இப்படிப் பழையவர், புதியவர் என்று பிரித்தால் எதிர்ப்பு குறையும். ஆனால் ஒரே தெருவில் ஒரே வீட்டுக்கு இரண்டு வரி விதி வரும்.

அதே 2017 சட்டத்தில் இன்னொரு விதி வரம்பைவிடப் பலமாக வேலை செய்தது. அங்கே வரி செலுத்துபவர் ஒன்று நிலையான கழிவை எடுக்கலாம், அல்லது வட்டி, உள்ளூர் வரி, நன்கொடை என்று ஒவ்வொன்றாகக் கணக்குக் காட்டிக் கழிக்கலாம். இரண்டில் பெரியதைத்தான் எடுப்பார்கள். தம்பதிக்கு நிலையான கழிவு 2017இல் 12,700 டாலர், 2018இல் 24,000 டாலர். ஆண்டு வட்டி 12,000, மற்றக் கழிவுகள் 8,000 உள்ள குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு 20,000 காட்டியதால், நிலையான கழிவைவிட 7,300 அதிகம் கழித்தார்கள். 2018இல் 24,000 கழிவு தானாகவே கிடைக்கும்போது, அந்த 12,000 வட்டிக்குத் தனிப் பயனே இல்லை. வட்டிக் கழிவு கோருபவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கினார்கள். சட்டப் புத்தகத்தில் சலுகை இருக்கிறது, பெரிய கடனும் பெரிய வருமானமும் உள்ளவரைத் தவிர மற்றவருக்கு அது இல்லை.

வரம்பின் குறை இதுதான்: விலை உயர்ந்த வீடுகளின் மீதுள்ள அழுத்தத்தைக் குறைக்கும், வரம்புக்குக் கீழே உள்ள வீடுகளில் பழைய நிலையே நீடிக்கும். வரம்பு தாழ்வாக இருந்து, பணவீக்கத்தோடு ஏறாமல் இருந்தால் மட்டுமே முழு வேலை செய்யும்.

## வழி 3: எல்லோருக்கும் ஒரே விகிதத் தள்ளுபடி

வருமானத்திலிருந்து கழிப்பதற்குப் பதில், கட்டிய வட்டியில் குறிப்பிட்ட விகிதத்தை வரியிலிருந்தே குறைப்பது இந்த முறை. 2005இல் அமெரிக்க அதிபர் அமைத்த ஆலோசனைக் குழு 15 சதவீதம் என்று பரிந்துரைத்தது, அது சட்டமாகவில்லை. சுவீடனில் 1991 முதல் வரிக் குறைப்பு வட்டியில் 30 சதவீதம். ஆண்டு வட்டி ஒரு லட்சம் குரோனருக்கு மேல் போனால் மேல்தொகைக்கு 21 சதவீதம்.

நம் மூன்று பேரில் முதல் ஆண்டு வட்டி 19,093-க்கு 15 சதவீதம் என்றால் எல்லோருக்கும் 2,864. முன்பு 10 சதவீத அடுக்கினருக்கு 1,909, 37 சதவீத அடுக்கினருக்கு 7,064. நியாயம் என்று பார்த்தால் இது மிக நல்ல முன்னேற்றம். ஏலத்தில் யாருக்கும் அரசு கூடுதல் பலம் தராது.

ஆனால் விலை? சலுகை விலைக்குள் போவது நிற்காது, இடம் மாறும். முன்பு கழிவு எட்டாத குடும்பங்கள் இப்போது எல்லோரும் 2,864 கையில் வைத்துக்கொண்டு சிறிய, மலிவான வீடுகளுக்குப் போட்டியிடுவார்கள். பெரிய வீட்டின் விலை சற்றுத் தணியும், முதல் வீடு வாங்குபவர் தேடும் வீட்டின் விலை ஏறும். மனைத் தட்டுப்பாடு உள்ள ஊரில், ஏழைக்குத் தந்த பணம் சிறிய வீட்டை விற்பவருக்குப் போகும். கட்ட வேண்டிய வரியே 2,000 என்றால் 2,864 தள்ளுபடியில் 864 வீணாகும், அரசு அதைத் திருப்பித் தராத வரை. இந்த விதியை எழுதும்போது பெரும்பாலும் தவறவிடுகிறார்கள்.

புதிய வீடுகள் தாராளமாகக் கட்டப்படும் இடத்தில் இந்த வழியே சிறந்தது. அங்கே உதவி உண்மையிலேயே வீடாக மாறும், வருமான வேறுபாடும் குறையும்.

## வழி 4: படிப்படியாக நீக்குவது

கமிலா சோமரும் பால் சல்லிவனும் 2018இல் வெளியிட்ட மாதிரிக் கணக்கு, அமெரிக்காவில் கழிவை நீக்கினால் வீட்டு விலை குறையும், சொந்த வீட்டுக்காரர் விகிதம் கூடும் என்று காட்டியது. முன்பணத்தைப் பற்றி மேலே சொன்னதன் மறுபக்கம் இது: விலை இறங்கினால் முன்பணம் இறங்கும், வாடகைக்கு இருந்தவர் உள்ளே வர முடியும்.

கேள்வி, வேகம் என்ன என்பதே. நம் வீட்டுக்காரருக்கு முதல் ஆண்டுச் சலுகை 4,773, மாதத்துக்கு 398. ஒரே நாளில் நீக்கினால் மாதத் தவணை 1,919-இல் ஐந்தில் ஒரு பங்கு கூடியதுபோல் ஆகும். அதையே ஆண்டுக்கு 2.5 சதவீதப் புள்ளி வீதம் பத்து ஆண்டில் நீக்கினால், ஒவ்வோர் ஆண்டும் மாதத்துக்கு 40 அளவில்தான் சுமை கூடும், தவணையில் 2 சதவீதம். வழக்கமான சம்பள உயர்வு அதைத் தாங்கும். விலையும் ஒரேயடியாக 8 சதவீதம் சரியாமல், சில ஆண்டு ஏறாமல் நின்றே அதைச் சரிக்கட்டிவிடலாம். இந்த வேறுபாடு சிறியதல்ல. 5 சதவீத முன்பணத்தில் வாங்கியவருக்கு 8 சதவீதச் சரிவு வந்தால், வீட்டை விற்றாலும் கடன் தீராது.

பிரிட்டன் இப்படித்தான் செய்தது. உயர் வரி அடுக்குக்கான கூடுதல் சலுகையை 1991இல் நிறுத்தியது. விகிதத்தை 1994 ஏப்ரலில் 20 சதவீதம், 1995இல் 15, 1998இல் 10 என்று இறக்கி, 2000 ஏப்ரலில் முற்றிலும் எடுத்துவிட்டது. கடைசி ஆண்டில் 7 சதவீத வட்டியில் 30,000 பவுண்டுக்கான சலுகை 210 பவுண்டுதான். அதற்குள் வட்டி விகிதங்களும் 1990இன் உச்சத்திலிருந்து வெகுவாக இறங்கியிருந்ததால், குடும்பங்களின் மொத்தச் சுமை கூடவில்லை. வட்டி இறங்கும் காலத்தைத் தேர்ந்தெடுப்பது பாதி வெற்றி.

நெதர்லாந்து இன்னொரு பாதை எடுத்தது. கழிவின் உச்ச விகிதத்தை 52 சதவீதத்திலிருந்து முதலில் ஆண்டுக்கு அரைப் புள்ளி, 2020 முதல் ஆண்டுக்கு 3 புள்ளி என்று குறைத்து, 2023இல் 37 சதவீத அளவுக்குக் கொண்டுவந்தது. 2013 முதல் புதிய கடனுக்கு இன்னொரு நிபந்தனை: 30 ஆண்டுக்குள் அசல் முழுவதையும் கட்டித் தீர்க்கும் கடனுக்கே கழிவு. வட்டியை மட்டும் கட்டி, அசலைத் தொடாமல் வைத்துச் சலுகையை உச்சத்திலேயே நிறுத்தும் பழக்கத்தை இது முறித்தது. ஆனால் பழைய கடன்களுக்கு விலக்கு தந்ததால், விலை குறைந்த காலத்தில் வாங்கிய மூத்தவர்கள் அசல் கட்டாமலே கழிவைப் பெற, அதிக விலைக்கு வாங்கும் இளையவர்கள் அசலும் கட்ட வேண்டியதாயிற்று. விகிதக் குறைப்பு எல்லோருக்கும் ஒன்றுபோல் இருந்தது சரியான பகுதி.

மறைந்திருக்கும் செலவு வாடகைக்கு விடுபவரிடம் இருக்கிறது. அவர் வாடகைக்கு வரி கட்டுவதால், வட்டியைத் தொழில் செலவாகக் கழிக்கிறார். குடியிருப்பவருக்கு மட்டும் கழிவை எடுத்துவிட்டால், ஏலத்தில் வாடகைக்கு விடுபவர் ஒப்பீட்டில் பலம் பெறுவார். பிரிட்டன் 2017 முதல் 2020 வரை வீட்டை வாடகைக்கு விடும் தனிநபர்களுக்கும் இந்தக் கழிவை 20 சதவீதத் தள்ளுபடியாகச் சுருக்கியது. அந்தச் சுமையில் ஒரு பங்கு வாடகையில் ஏறக்கூடும் என்பதை மறைக்கக்கூடாது.

## ஒரே பார்வையில்

| | விலைக்குள் போவது | அதிகம் பெறுபவர் | பழைய கடன்காரர் | கடன் தூண்டல் |
|---|---|---|---|---|
| இப்படியே விடுவது | மனை குறைந்த ஊரில் பெரும்பங்கு | உயர் வரி அடுக்கு | பாதிப்பு இல்லை | அதிகம் |
| வரம்பு | வரம்புக்குக் கீழ் தொடரும் | நடுத்தர, மேல் நடுத்தர வருமானம் | கிட்டத்தட்ட இல்லை | வரம்புவரை உண்டு |
| ஒரே விகிதத் தள்ளுபடி | மலிவு வீடுகளுக்கு இடம் மாறும் | ஒரே கடனுக்கு எல்லோருக்கும் ஒன்று | உயர் அடுக்கினருக்கு இழப்பு | குறையும், நிற்காது |
| படிப்படி நீக்கம் | மெதுவாக வெளியேறும் | யாருக்கும் இல்லை | வேகத்தைப் பொறுத்தது | நீங்கும் |

மனைத் தட்டுப்பாடு உள்ள நாட்டுக்கு நான்காவது வழிதான் சரி என்பது என் தீர்மானமான கருத்து. விகிதத்தைப் பழைய கடன், புதிய கடன் என்று பிரிக்காமல் எல்லோருக்கும் ஒன்றுபோல் குறைக்க வேண்டும். பத்து ஆண்டுக்குக் குறையக்கூடாது. அறிவித்த நாளே முதல் குறைப்பு தொடங்க வேண்டும். இதற்கு ஆதரவு கிடைக்காத இடத்தில், பணவீக்கத்தோடு ஏறாத ஒரு வரம்பைப் போட்டுவிட்டுக் காலத்தை வேலை செய்ய விடலாம்.

## இப்போதே வாங்கப் போகிறவருக்கு

சட்டம் எப்படி முடிந்தாலும், வாங்குபவர் தன் சொந்தக் கணக்கில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சலுகை உங்களுக்கு உண்மையில் எவ்வளவு தருகிறது என்பதை உங்கள் வரி அடுக்கில், நிலையான கழிவு போன்ற மாற்று வழியில் எப்படியும் கிடைக்கக்கூடியதைக் கழித்த பிறகு, ஆண்டு வாரியாகப் பாருங்கள். முதல் ஆண்டுத் தொகையை முப்பதால் பெருக்காதீர்கள், வட்டி ஆண்டுதோறும் குறையும். பிறகு அதே வீட்டைச் சலுகை இல்லாமல் இன்னொரு முறை கணக்கிடுங்கள். சலுகை இல்லாத தவணையை உங்கள் வருமானம் தாங்கவில்லை என்றால், அந்த வீட்டில் நீங்கள் நம்பியிருப்பது அடுத்த வரவு செலவுத் திட்டத்தை.

கையில் கூடுதல் பணம் இருந்தால் முன்பணத்தைக் கூட்டுவதா, சலுகைக்காகக் கடனைப் பெரிதாக வைப்பதா என்றும் கேட்கிறார்கள். 6 சதவீத வட்டியில் 25 சதவீத அடுக்கினருக்கு, வரி போகக் கடனின் உண்மையான செலவு 4.5 சதவீதம். அந்தப் பணத்தை வேறெங்காவது வைத்து, அதன் வருமானத்துக்கான வரியும் போக, உறுதியாக 4.5 சதவீதத்துக்கு மேல் கிடைத்தால் மட்டுமே கடனைப் பெரிதாக வைப்பதில் பொருள் உண்டு. வங்கி வைப்புக்கும் அதே 25 சதவீத வரி என்றால், அந்த வைப்பு 6 சதவீதத்துக்கு மேல் தர வேண்டும். கடன் வட்டியைவிட அதிகமாக வைப்பு வட்டி தரும் வங்கி கிடைப்பது அரிது.